சுக்குட்டிக் கீரையை மெல்வதா, கொப்பளிப்பதா? ஏழு வாரமாக ஆறாத நாக்குப் புண்ணுக்கு ஒரு பல் மருத்துவரின் பதில்

வாசகியின் கடிதம்

வணக்கம் டாக்டர். எனக்கு 47 வயது. ஈரோடு பக்கம் ஒரு கிராமம். நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்து ஏழு வாரம் ஆகிறது. மாமியார் சொன்னதால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கைப்பிடி சுக்குட்டிக் கீரையைப் பச்சையாகவே மென்று விழுங்குகிறேன். எரிச்சல் பாதி குறைந்துவிட்டது, ஆனால் புண் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் கீழே ஒரு கடைவாய்ப் பல் போன வருடம் உடைந்தது. வலிக்காததால் விட்டுவிட்டேன். வெற்றிலை பாக்கு போடுவேன், புகையிலை தொட்டதே இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் என் மகளுக்கும் மாதம் ஒருமுறை உதட்டுக்குள் புண் வரும். வீட்டுக்கு வந்து இதே கீரையைச் சாப்பிட்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிறது. எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? நாத்தனார், "மெல்லாதே, கஷாயம் வைத்துக் கொப்பளி" என்கிறார். எது சரி? எத்தனை இலை? சூட்டுப் புண்ணுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டுமா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போக வேண்டும், இந்த வாரமே. கீரையைப் பற்றிக் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் விரிவாகவே சொல்கிறேன், ஆனால் அதைப் படித்துவிட்டு இன்னும் பத்து நாள் கொப்பளித்துப் பார்க்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வாயில் ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் நிற்கும் எந்தப் புண்ணையும் ஒரு பல் மருத்துவர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உங்களுடையது ஏழு வாரம் ஆகிவிட்டது.

இப்படிச் சொன்னவுடன் மனம் எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதியிருப்பதில் அந்த உடைந்த பல்லைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. நாக்கின் ஓரத்தில் நாள்பட்டு நிற்கும் புண்களில் நான் பார்ப்பவை பெரும்பாலும் பக்கத்துப் பல்லின் கூர்மையால் வருபவை. ஆனால் அதேபோலத் தோன்றும் வேறொன்றும் அதே இடத்தில்தான் வரும். இரண்டையும் கடிதத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. நேரில் பார்த்தால் முடியும்.

மகளுக்குக் கேட்ட கீரை உங்களுக்கு ஏன் கேட்கவில்லை

உங்கள் கேள்விகளிலேயே இதுதான் முக்கியமானது. நீங்கள் இருவரும் ஒரே கீரையைச் சாப்பிட்டீர்கள், ஆனால் இருவருக்கும் வந்தது ஒரே புண் அல்ல.

மகளுக்கு வருவது ஆப்தஸ் புண் என்று நாங்கள் சொல்லும் வகையாகத்தான் இருக்க வேண்டும். உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடிப்பக்கம் போன்ற மெத்தென்ற இடங்களில் வரும். வட்டமாக, மிளகு அளவிலோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ, நடுவில் வெளிர் மஞ்சளாக, சுற்றிலும் சிவப்பு வளையத்தோடு இருக்கும். முதல் மூன்று நான்கு நாள் உப்பு பட்டாலே உயிர் போகும். பிறகு வலி தணிந்து, ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் வடு கூட இல்லாமல் மறைந்துவிடும். எந்த மருந்தும் போடாவிட்டாலும் மறைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். மகளுக்கு ஹாஸ்டலில் புண் வருகிறது, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கிறாள், வீட்டுக்கு வருகிறாள், கீரை மெல்கிறாள், ஒரு வாரத்தில் ஆறுகிறது. ஆறும் நாளும் கீரை தின்ற நாளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்வதால் கீரைக்கு நல்ல பெயர் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் அது இப்படிச் சேர்த்த பெயர்தான்.

அதற்காகக் கீரையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மணத்தக்காளி என்று மற்ற ஊர்களில் சொல்லும் இந்தச் செடியின் சாற்றுக்கு லேசான துவர்ப்பும், வீக்கத்தைத் தணிக்கும் தன்மையும் உண்டு. எலிகளின் வயிற்றுப்புண்ணில் பலன் தந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. மனிதர்களின் வாய்ப்புண்ணில், கீரை கொடுத்தவர்கள் ஒரு பக்கம், கொடுக்காதவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்து, ஆறும் நாட்களை எண்ணிப் பார்த்த பெரிய ஆய்வு எதையும் நான் நம்பிச் சொல்லும் நிலையில் இல்லை. ஆகவே என் நோயாளிகளிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். தானாக ஆறப் போகும் புண்ணின் எரிச்சலை இந்தக் கீரை தணிக்கும். ஆறாத காரணம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அந்தக் காரணத்தை அதனால் அசைக்க முடியாது.

உங்கள் எரிச்சல் பாதி குறைந்ததும் இதில்தான் வருகிறது. வலி குறைந்தால் புண் ஆறுகிறது என்று எடுத்துக்கொள்வது இயல்பு. மகளின் புண்ணில் அது சரி. உங்கள் புண்ணில் அளவு குறையாமல் வலி மட்டும் குறைந்திருக்கிறது. அது ஆறுதலான அடையாளம் இல்லை. ஆறும் புண் சுருங்கும். ஓரம் தட்டையாகும். நடுவில் இருக்கும் வெளிர் படலம் போய் இளஞ்சிவப்பாக மாறும். நாள்பட்ட புண்ணிலோ வலி மரத்துப்போகலாம், ஆனால் அளவு அப்படியே நிற்கும். நாங்கள் கவலைப்படும் வகைப் புண்கள் பல, தொடக்கத்தில் வலியே இல்லாமல்தான் இருக்கும்.

மெல்வது

இப்போது மாமியார் சொன்ன வழி. நம் வீடுகளில் இதற்கு இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, மூன்று நான்கு இலையை மென்று, சாற்றைப் புண் இருக்கும் பக்கம் கொஞ்ச நேரம் அடக்கி வைப்பது. இன்னொன்று, கைப்பிடி கைப்பிடியாகத் தின்பது. முதலாவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சாறு புண்ணின் மேல் நேராகப் படுகிறது, அந்த நேரத்துக்கு எரிச்சல் அடங்குகிறது. இரண்டாவதற்கு அந்த நியாயம் இல்லை. விழுங்கிய கீரை வயிற்றுக்குப் போய்விடுகிறது, வாயில் இருந்த நேரம் அரை நிமிடம்தான்.

அதோடு, இது உருளைக்கிழங்கு, கத்தரி குடும்பத்துச் செடி. வெயில் பட்டுப் பச்சை பூத்த உருளைக்கிழங்கில் இருக்கும் சோலனின் போன்ற கசப்புப் பொருட்கள் இதிலும் உண்டு. பச்சைக் காயில் மிக அதிகம், நன்றாகப் பழுத்த பழத்தில் குறைவு, இலையில் செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். சமைப்பதால் இவை அவ்வளவாக அழிவதில்லை, ஆனால் வேக வைக்கும்போது ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அதனால்தான் கசப்பு அதிகமாக இருந்தால் வேக வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கூட்டு வைப்பார்கள். நம் பாட்டிமார் கசப்புக்காகச் செய்தது, பாதுகாப்புக்கும் சரியாகவே இருந்தது. நீங்கள் தினமும் ஒரு கைப்பிடியைப் பச்சையாக, அதுவும் வெறும் வயிற்றில் சாப்பிடுகிறீர்கள். குமட்டல், வயிற்றுவலி, பேதி, தலைசுற்றல் ஏதாவது வந்தால் அதை வேறு எதன் மேலும் போட வேண்டாம். எதுவும் வராவிட்டாலும் அந்தக் கைப்பிடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் பாசிப்பருப்பு போட்டோ தேங்காய்ப்பால் விட்டோ சமைத்துச் சாப்பிடுவது சாப்பாடு. அதைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

செடியைப் பறிக்கும்போது ஒன்று. பூவோ பழமோ இல்லாத இளஞ்செடியை வேலியோரத்திலிருந்து பறிக்காதீர்கள். சுக்குட்டியின் பூ சின்னதாக, வெள்ளையாக, நடுவில் மஞ்சள் கூம்போடு கொத்தாக இருக்கும். பழம் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, பளபளவென்று தொங்கும். பக்கத்திலேயே முளைத்திருக்கும் ஊமத்தைக் கன்று இலை பருவத்தில் கண்ணை ஏமாற்றும். அது உள்ளே போனால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, ஆள் நிலை தடுமாறும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் மெல்ல வேண்டாம் என்பதற்கு இவை எதுவும் முதல் காரணம் இல்லை. புண் நாக்கின் இடது ஓரம். உடைந்த பல்லும் இடது பக்கம். சாறு புண்ணில் பட வேண்டும் என்று நீங்கள் இடது பக்கமாகத்தான் மென்றிருப்பீர்கள். ஒவ்வொரு மெல்லலுக்கும் நாக்கு அந்த உடைந்த விளிம்பின் மேல் போய் உரசி வந்திருக்கும். மருந்து போடும் செயலே காயத்தைக் கிளறும் செயலாகவும் ஆகியிருக்கிறது.

கொப்பளிப்பது

நாத்தனார் சொன்னது உங்களுக்குக் கொஞ்சம் பொருத்தமான வழி. புண் உரசாது, நார் குத்தாது, வெளியே துப்பிவிடுவதால் வயிற்றுக்கும் போகாது. ஆனால் கொப்பளிப்பதில் இரண்டு வகை இருக்கிறது. தலையை அண்ணாந்து, தொண்டையில் களகளவென்று சத்தம் வரச் செய்வது தொண்டைப் புண்ணுக்கு. அப்படிச் செய்தால் தண்ணீர் நாக்கின் ஓரத்தையோ கன்னத்தின் உள்பக்கத்தையோ சரியாகத் தொடாது. வாய்ப்புண்ணுக்குத் தலையை நேராக வைத்து, புண் இருக்கும் பக்கம் லேசாகச் சாய்த்து, ஒரு வாய்த் தண்ணீரை அரை நிமிடம் அலம்ப வேண்டும். பலரும் அண்ணாந்து கொப்பளித்துவிட்டு, பலன் இல்லை என்கிறார்கள்.

செய்வது எளிது. இரண்டு கைப்பிடி இலையை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, இரண்டு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறிய பிறகு சாப்பாட்டுக்குப் பின் மூன்று நான்கு வேளை. சூட்டோடு சூடாக வாயில் ஊற்றினால் புண்ணைச் சுற்றி இருக்கும் நல்ல தோலும் வெந்துவிடும். ஒரு நாள் வைத்ததை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். படிகாரத்தையோ கிராம்பு எண்ணெயையோ அதில் சேர்க்க வேண்டாம். கூடவே, வலிக்கும் இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது வாய்த் தோலை வெள்ளையாகப் பொசுக்கிவிடும். அப்படி வந்தவர்களுக்கு முதலில் அந்தப் பொசுங்கலுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

இதில் கீரையின் பங்கு எவ்வளவு, வெதுவெதுப்பான தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், தண்ணீரின் பங்கும் பெரியது என்பேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு அதேபோல அலம்பினாலும் ஏறக்குறைய அதே சுகம் கிடைக்கும். கீரை கிடைக்காத ஹாஸ்டலில் மகளுக்கு அது போதும்.

இப்படிக் கொப்பளிப்பதைப் பல் டாக்டரைப் பார்க்கப் போகும் நாள் வரை செய்யுங்கள். அவரைப் பார்ப்பதற்குப் பதிலாகச் செய்யாதீர்கள்.

அந்தப் பல், அப்புறம் அந்தப் பாக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு தறிக்காரர் என்னிடம் வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். நாக்கின் வலது ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு புண், மூன்று மாதம். அவர் வீட்டிலும் கீரை, தேன், மெடிக்கலில் வாங்கிய பி காம்ப்ளக்ஸ் மாத்திரை எல்லாம் ஆகியிருந்தது. வாயைத் திறந்து நாக்கை நீட்டாமல், இயல்பாக வைக்கச் சொன்னேன். புண் கீழ்க் கடைவாய்ப் பல்லின் உடைந்த விளிம்பின் மேல் அச்சாகப் போய் உட்கார்ந்தது. கையுறை போட்டுப் புண்ணின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. கழுத்திலும் கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. பல்லின் விளிம்பை வழுவழுவென்று தேய்த்துவிட்டு, வேறு மருந்தே கொடுக்காமல் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். பன்னிரண்டாவது நாளே வந்து நாக்கைக் காட்டினார், புண் இருந்த இடம் தெரியவில்லை.

அதே போன்ற கதையோடு வந்த இன்னொருவருக்கும் பல்லைத் தேய்த்தேன். இரண்டு வாரம் கழித்துப் புண் துளியும் சுருங்கவில்லை, ஓரம் லேசாக மேடு தட்டியிருந்தது. மறுநாளே சதைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். புற்றுநோயின் தொடக்கம். சீக்கிரமே பிடித்ததால் நாக்கின் ஒரு சிறு பகுதியோடு அறுவை முடிந்தது. இன்றும் நன்றாகப் பேசுகிறார், சாப்பிடுகிறார். முதல் நாள் பார்த்தபோது இந்த இருவரின் புண்ணும் கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசமாக இல்லை. உடைந்த பல் இருப்பதாலேயே காரணம் அதுதான் என்று நானும் முடிவு செய்ய மாட்டேன், நீங்களும் முடிவு செய்ய வேண்டாம்.

புகையிலை தொட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, அதனால் ஆபத்து கணிசமாகக் குறைகிறது. ஆனால் வெற்றிலை பாக்கில் கெடுதல் புகையிலையால் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல், புகையிலை சேராத வெறும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. கெடுதல் வெற்றிலையில் இல்லை, பாக்கில் இருக்கிறது. கூடச் சேரும் சுண்ணாம்பு வாய்த் தோலை அரித்துப் பாக்கின் வேலையை எளிதாக்குகிறது. பாக்கு கன்னத்தின் உள்தோலை மெல்ல மெல்ல இறுக்கவும் செய்யும். கண்ணாடி முன் நின்று வாயை முழுதாகத் திறந்து, உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். மூன்றும் போகாமல் இரண்டோடு நின்றால், அல்லது கொஞ்ச நாளாகக் காரமே ஆகாமல் வாய் முழுக்க எரிந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பாக்கை இப்போதே விட்டுவிடுங்கள். புண் ஆறும் வரைக்கும் மட்டும் அல்ல, முழுதாகவே. மாமியாரும் நாத்தனாரும் போடுவார்கள் என்றால் அவர்களையும் ஒருமுறை வாயைக் காட்டச் சொல்லுங்கள்.

சூட்டுப் புண் என்ற சொல்லையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். தூக்கம் கெட்டு, தண்ணீர் குடிக்காமல், பரீட்சைக் கவலையில் இருக்கும் நாட்களில் மகளுக்குப் புண் வந்தால், அதை நம் ஊர் பேச்சில் சூடு என்று சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சூடு என்று ஒரு முறை பெயர் வைத்துவிட்டால், குளிர்ச்சியானதைத் தேடி இளநீர், மோர், கீரை என்று வாரங்கள் ஓடிவிடுகின்றன. உடல் சூட்டால் வந்த புண் ஒரே இடத்தில் ஏழு வாரம் நிற்காது.

பல் டாக்டரிடம் என்ன நடக்கும்

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனாலும் தவறில்லை. ஆனால் உங்களுக்குப் பல்லும் பார்க்க வேண்டியிருப்பதால் பல் மருத்துவரே முதலில். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கும். போகும் முன் டார்ச் அடித்துப் புண்ணை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு தீக்குச்சி முனை தெரியும்படி எடுத்தால் அளவு புரியும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று எதற்காவது மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் கொண்டு போங்கள். மூட்டு வாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்புண் வந்தால், அது மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அவர்கள் அடுத்த மாத்திரையைப் போடும் முன் அன்றே டாக்டரிடம் பேச வேண்டும்.

அவர் முதலில் புண்ணைத் தொட்டுப் பார்ப்பார். அடிப்பாகம் கெட்டியாக இருக்கிறதா, ஓரம் உருண்டு மேடாக இருக்கிறதா, தொட்டால் ரத்தம் கசிகிறதா, சுற்றி வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். இவை எதுவும் இல்லாவிட்டால் பல்லின் கூர்மையைத் தேய்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் திரும்பி வரச் சொல்வார். அந்தத் திரும்பிப் போவதுதான் சிகிச்சையின் பாதி. வலி இல்லை என்று அதைத் தவறவிடாதீர்கள். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், அல்லது இரண்டு வாரத்தில் புண் ஆறாவிட்டால், சதைப் பரிசோதனை சொல்வார். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் அளவுக்குச் சதை எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அது தவறு. இந்தப் பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போட்டவர்களின் வாயில் நோய் பரவியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பரிசோதனையால் பரவி நான் பார்த்ததில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மெடிக்கலில் கேட்டு வாய்ப்புண் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் மரத்துப்போக வைக்கும் மருந்து இருக்கும். புண்ணின் நிறமும் வலியும் மாறிவிட்டால் பார்ப்பவருக்குக் கணிப்பது கஷ்டம்.

மகளுக்கு

அவளுடைய புண் ஆபத்தில்லை, ஆனால் மாதாமாதம் வருவது ஏன் என்று பார்க்க வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் இருக்கும் பெண்களுக்கு இரும்புச் சத்துக் குறைவும், கறி மீன் முட்டை அதிகம் சேர்க்காதவர்களுக்கு பி12 குறைவும் இருக்க வாய்ப்பு உண்டு. குறை இருந்து அதைச் சரிசெய்தால் புண் வரும் இடைவெளி நீளும், சிலருக்கு நின்றே போகும். எந்தக் கீரையிலும் பி12 கிடையாது, சுக்குட்டியிலும் கிடையாது. ஆகவே இந்தக் குறையைக் கீரை சாப்பிட்டு நிரப்ப முடியாது.

அவள் பல் தேய்க்கும் பேஸ்ட்டையும் ஒரு மாதத்துக்கு மாற்றிப் பார்க்கட்டும். அதிகம் நுரைக்கும் பேஸ்ட்டுகளில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பொருள் இருக்கும், சிலருக்கு அது புண்ணைத் தூண்டும். அட்டையில் அந்தப் பெயர் இல்லாத பேஸ்ட்டாக வாங்கலாம். புண் வரும் நாளில் உப்புத் தண்ணீரோ கீரைத் தண்ணீரோ எது கையில் இருக்கிறதோ அதைக் கொப்பளிக்கட்டும். இரண்டு மூன்று பச்சை இலையை நன்றாகக் கழுவி மென்று, சாற்றை அடக்கித் துப்பினாலும் அவளுக்குக் கெடுதல் இல்லை. பச்சைக் காயை மட்டும் வாயில் போட வேண்டாம். வலி தாங்காவிட்டால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் களிம்பைப் புண் தெரிந்த முதல் நாளே வைத்தால்தான் பலன் அதிகம்.

அவளும் டாக்டரிடம் போக வேண்டிய நேரங்கள் உண்டு. புண் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதானால், இரண்டு வாரத்தைத் தாண்டினால், காய்ச்சலோடு வாய் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளமாக வந்தால், அல்லது வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண், கண் சிவப்பு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எடை குறைவு என்று சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. கடைசியில் சொன்னவை வாயில் மட்டும் நிற்காத நோய்களின் அடையாளம், அவற்றுக்குப் பொது மருத்துவரும் தேவைப்படுவார்.

நீங்கள் போகும்போது டாக்டரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: "இடது நாக்கு ஓரத்தில் ஏழு வாரமாக ஒரே இடத்தில் புண், பக்கத்துப் பல் உடைந்திருக்கிறது, பாக்கு போடுவேன்." இந்த மூன்றையும் கேட்டால் எந்தப் பல் மருத்துவரும் உங்களைக் காக்க வைக்க மாட்டார். கீரை மென்றதைச் சொல்லவும் தயங்க வேண்டாம், அதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள். பார்த்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.